ரிசல்ட் பக்கத்துக்கு ஓர் ஆட்டோ ஸ்டார்ட்டர்

கைபேசித் திரையைக் கட்டைவிரலால் கீழே இழுத்துவிட்டால் பக்கம் புதிதாகும் என்று யாரோ எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எவ்வளவு நீளமாக இழுக்கிறோமோ அவ்வளவு புதிதாக வரும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். மே மாதம் பாதி நாள் இப்படியே போனது. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இழுத்தேன், டீக்கடையில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தேன். கைபேசித் திரையில் எண்ணெய் ஏறியதுதான் மிச்சம். மகளின் கல்லூரி ரிசல்ட் பக்கம் 'ஏப்ரல் தேர்வு முடிவுகள் விரைவில்' என்ற அதே வரியோடு அசையாமல் நின்றது. 'விரைவில்' என்ற சொல்லுக்கு நம் அலுவலகங்களில் என்ன பொருள் என்று இத்தனை வயசுக்கு மேல் தெரியாமல் இருந்ததும் என் முட்டாள்தனத்தில் சேர்த்தி.

மகள் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் கடைசி வருஷம் முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. இடம் கிடைத்திருந்தது. ஆனால் ஜூன் முதல் வாரத்துக்குள் கடைசி செமஸ்டர் மதிப்பெண்ணை, எல்லாத் தாளும் பாஸ் என்று, அவர்களுடைய தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்குப் படிப்பு மேல் பயமில்லை, தேதி மேல்தான் பயம். இரண்டு நாள் பழனிசெட்டிபட்டி வீட்டில் அவளும் என்னைப்போலவே அந்தப் பக்கத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் காலை லேப்டாப்பைக் கொண்டுவந்து அரிசி டிரம் மேல் வைத்தாள். வீட்டில் வைஃபை நன்றாக எடுக்கும் இடம் அதுதான். அன்று மதியம் வரை அரிசி எடுக்க அவள் அம்மாவுக்குத் தடை.

என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற சலிப்பு இருந்தது. பிறகு எனக்குப் புரிகிற ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம தோட்டத்துல ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்குல்லப்பா, அது மாதிரி."

வீரபாண்டிக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு வாழைத்தோட்டம் இருக்கிறது. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே நிச்சயமில்லாத ஊர். முன்பெல்லாம் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்கவே ஒரு ஆள் கிணற்று மேட்டில் கிடக்க வேண்டும். இப்போது ஆட்டோ ஸ்டார்ட்டர் பார்த்துக்கொள்கிறது. மூன்று பேஸும் வந்தால் மோட்டாரைத் தட்டிவிட்டு என் கைபேசிக்கு ஒரு போன் அடிக்கும். அவள் செய்ததும் அதுதான். பைத்தான் என்ற மொழியில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் நிரல். அது கல்லூரித் தளத்துக்குப் போய் ரிசல்ட் பக்கத்தைக் கேட்டு வாங்கும். வாங்கியதைச் சென்ற முறை வாங்கி வைத்ததோடு ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் பேசாமல் தூங்கும். மாறியிருந்தால் டெலிகிராமில் அவள் கைபேசிக்கு ஒரு செய்தி போடும். எனக்கும் ஒன்று போடச் சொல்லி அடம்பிடித்தேன். என் எண்ணையும் சேர்த்தாள். அவள் செய்த ஒரே தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்வது அதுதான்.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருந்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. நொடிக்கு ஒருமுறை வைத்தால் என்ன, உன் மெஷினுக்கு என்ன கால் வலிக்கவா போகிறது என்று கேட்டேன்.

"கரண்ட் வந்த உடனே ஊர்ல உள்ள அம்புட்டு மோட்டாரும் ஒரே நேரத்துல எடுத்தா என்னாகும்?" என்றாள்.

டிரான்ஸ்பார்மர் பியூஸ் போகும். போயிருக்கிறது. அதனால்தான் ஸ்டார்ட்டரில் எல்லாரும் ஒரு தாமதத்தை வைக்கிறோம், ஒருவன் ஒரு நிமிஷம், அடுத்தவன் மூன்று நிமிஷம் என்று. அவளும் வைத்திருந்தாள். கால் மணி நேரத்தோடு, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஏதோ சில நிமிஷம் கூடச் சேரும். கல்லூரித் தளம் எங்கள் டிரான்ஸ்பார்மரைவிட வயசானது, நொடிக்கு ஒருமுறை தட்டினால் அதற்கும் மூச்சு முட்டும், இல்லையென்றால் நம் வீட்டு இணைப்பையே வரவிடாமல் தடுத்துவிடும் என்றாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்படி யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் ஏதாவது ஆகியிருப்பேன்.

ஓடவிட்ட கால் மணி நேரத்தில் செய்தி வந்தது: 'பக்கம் மாறியுள்ளது.' நான் அப்போது பஜாரில் இருந்தேன். அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பக்கத்தில் அதே 'விரைவில்'. அடுத்த கால் மணி நேரத்தில் மறுபடியும் 'மாறியுள்ளது'. அதற்கடுத்தும். அவள் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்து வரிவரியாகப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பக்கத்தின் அடியில் 'நீங்கள் இத்தனையாவது பார்வையாளர்' என்று ஒரு எண் இருந்தது. ஒவ்வொரு முறை யாராவது பார்க்கும்போதும் அது ஒன்று கூடும். அவள் நிரல் போய்ப் பார்க்கும், பார்த்ததால் எண் மாறும், எண் மாறியதால் பக்கம் மாறிவிட்டது என்று ஓடிவந்து சொல்லும். தன் நிழலைப் பார்த்துக் குரைக்கும் நாய் எங்கள் தெருவிலும் ஒன்று உண்டு.

மைசூர்பாகை மனைவி டப்பாவில் போட்டு மூடினாள். "நெசமா வந்ததும் எடுத்துக்கிருவோம். ஆனா கல்லாட்டம் இருக்கு, எப்ப வேணா எடுக்கலாம்" என்றாள்.

மகள் நிரலைத் திருத்தினாள். இனி முழுப் பக்கத்தையும் ஒப்பிடாது. அந்தப் பக்கத்தில் பதிவு எண், பிறந்த தேதி கேட்கும் கட்டங்களுக்கு மேலே, எந்தத் தேர்வு என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் விரியும். நவம்பர், அதற்கு முந்தைய ஏப்ரல் என்று பழையதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலை மட்டும் பிய்த்தெடுத்து, அதில் புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறதா என்று பார்க்கும். மறுநாள் தளம் படுத்துவிட்டபோது அங்கே இருந்தது 'சேவை இல்லை' என்ற அறிவிப்புத் தாள். அதில் பட்டியலே கிடையாது. அதையும் மாற்றம் என்று எடுத்துக்கொண்டு செய்தி அனுப்பியது. மறுபடி திருத்தினாள். தளம் ஒவ்வொரு பதிலோடும் ஒரு குறியெண் அனுப்புமாம். இருநூறு என்றால் சரி, ஐந்நூறுகளில் இருந்தால் அங்கே கோளாறு. இருநூறு வந்தால் மட்டும் திறந்து பார், இல்லையென்றால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினாள். இந்தத் தடவை நான் இனிப்பு வாங்கவில்லை, கடைவாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

அதன்பிறகு அது ஒழுங்காக வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. லேப்டாப்பின் பேட்டரி கிழடு, கரண்ட் போனால் அரை மணி நேரம் தாங்கும். அதனால் மகள் வெளியே எங்கும் போகவில்லை. இழுத்து இழுத்துப் பார்க்கும் வேலையிலிருந்து தப்பிக்கத்தான் இந்த மெஷின் என்று ஆரம்பித்தவள், மெஷின் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு டிரம் பக்கத்திலேயே கிடந்தாள். அனலில் மின்விசிறி வெந்த காற்றை அள்ளிப் போட்டது. வீட்டில் மூன்று பேரும் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். இந்த வீட்டில் நான் பேசுவதைக் குறைப்பது என்றால் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் செய்தி வந்தது: 'பட்டியலில் புதியது: ஏப்ரல் தேர்வு.' கல்லூரி எந்த அறிவிப்பும் விடவில்லை. பக்கத்தின் தலையில் இன்னும் 'விரைவில்' என்றுதான் இருந்தது. ஆனால் பட்டியலில் வரி முளைத்துவிட்டது. மகள் தேர்ந்தெடுத்து, பதிவு எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்துத் தட்டினாள். நான் தோட்டத்திலிருந்து போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுக்காததை நான் ஆனந்தக் கண்ணீர் என்று புரிந்துகொண்டேன்.

புரிந்துகொண்டதோடு நின்றிருக்கலாம். ஆனால் கையில் போன் இருக்கிறது. சொந்தக்காரர்கள் குழுவில் 'ரிசல்ட் வந்தாச்சு, பிள்ளைகள் இருக்கிறவங்க பாருங்க' என்று எழுதி, ரிசல்ட் பக்க முகவரியையும் போட்டு, மூன்று பூங்கொத்துப் படம் சேர்த்து அனுப்பினேன். பிறகு வாழை விவசாயிகள் குழுவிலும் போட்டேன். ஏன் அங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து எழுத்துத் தேர்வும் பாஸ். நல்ல மதிப்பெண்தான். ஆறாவதாக செய்முறைத் தேர்வு. அங்கே மதிப்பெண்ணுக்குப் பதில் மூன்று 'ஏ'. வரவில்லை என்பதற்கு அவர்கள் போடும் அடையாளம் அது. கடைசியில் 'ஆர்.ஏ.', அதாவது மறுபடி எழுது.

"நான் போயிருந்தேன்ப்பா" என்றாள். "மத்தியான பேட்ச். எக்ஸ்டர்னலா வந்த சார் வைவாவுல மூணு கேள்வி கேட்டாரு. மூணுக்கும் சொன்னேன்."

எனக்கும் தெரியும். அன்று நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். மறுபடி எழுதுவது என்றால் நவம்பர். எம்.சி.ஏ. அடுத்த வருஷம். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, கூடப் படித்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். அடுத்தவர் பிறந்த தேதியைப் போட்டு இவள் பார்க்கவில்லை, அவரவர் எண்ணை அவரவரே போட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒரு தோழி ஓவென்று அழுதாள், அவளுக்கும் மூன்று 'ஏ'. இன்னொருத்திக்கு நல்ல மதிப்பெண். அடுத்தவனுக்கு மூன்று 'ஏ'. கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று ஒன்றைப் பிடித்தாள். காலை பேட்ச்சில் செய்முறைத் தேர்வு எழுதிய எல்லாருக்கும் மதிப்பெண் இருக்கிறது. மத்தியான பேட்ச்சில் எழுதிய ஒருவருக்கும் இல்லை.

"எனக்கு மட்டும் இல்லப்பா. ஒரு பேட்ச்சே காணோம்" என்றாள். குரலில் பாதி நிம்மதி இருந்தது. ஒருத்தி காணாமல் போனால் யாரும் தேடமாட்டார்கள், ஒரு பேட்ச் போனால் தேடித்தான் ஆக வேண்டும் என்ற கணக்கு.

அதற்கு மேல் சிலரைக் கேட்க முடியவில்லை. தளம் படுத்துவிட்டது. சாயங்காலம் மறுபடி எழுந்தபோது பட்டியலில் ஏப்ரல் வரி இல்லை. எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அவள் தன் ரிசல்ட்டைப் படம் பிடித்து வைத்திருந்தாள். தளம் ஏன் படுத்தது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது என் கைபேசிக்கு, கம்பத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ரிசல்ட் வந்தாச்சு, பிள்ளைகள் இருக்கிறவங்க பாருங்க', மூன்று பூங்கொத்து. தலையில் 'பலமுறை அனுப்பப்பட்டது' என்ற முத்திரை. நான் பெற்ற பிள்ளை ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே வந்து நின்றது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலை இருவரும் கல்லூரித் தேர்வு அலுவலகத்துக்குப் போனோம். தன்னாட்சிக் கல்லூரி, தேர்வு வைப்பதும் திருத்துவதும் ரிசல்ட் போடுவதும் அவர்களே. விடுமுறை என்பதால் வராந்தாவில் ஆளில்லை. ஜன்னலுக்கு உள்ளே ஒரு எழுத்தர். மகள் விஷயத்தைச் சொன்னாள். அவர் நிமிராமலே, ரிசல்ட் இன்னும் வரவில்லை, வராத ரிசல்ட்டில் தப்பு இருக்க முடியாது, வந்தபிறகு முறைப்படி விண்ணப்பம் கொடுங்கள் என்றார். விண்ணப்பம் கொடுத்தால் எவ்வளவு நாளாகும் என்று கேட்டோம். மாதக்கணக்கில் சொன்னார். அதாவது தப்பு வெளியே வந்துவிட்டால் திருத்த மாதங்கள். வெளியே வராதவரை தப்பே கிடையாது. துறைக்குப் போய்க் கேட்கச் சொன்னார். மாடியேறிப் போனோம், துறை பூட்டியிருந்தது. காவலாளி தேர்வு அலுவலகத்தில் கேட்கச் சொன்னார். இறங்கி வந்தோம். வெயில் ஏறியது. தண்ணீர்க் குழாயில் காற்று வந்தது.

இரண்டாம் முறை ஜன்னலுக்கு வந்தபோது மகள் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். எழுத்தர் இப்போது நிமிர்ந்தார்.

"இது எப்படிம்மா உனக்குக் கெடச்சுச்சு?"

அவர் முகத்தைப் பார்த்ததும், சூழ்நிலையை இலகுவாக்குவது என் கடமை என்று தோன்றியது. "சார், ஹேக்கிங் அது இதெல்லாம் இல்ல சார். என் பொண்ணு வீட்டுல பிரிட்ஜைக்கூட பாஸ்வேர்டு இல்லாம தொறக்க மாட்டா" என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஹேக்கிங் என்ற சொல் மட்டும் அவருக்கு நன்றாக விளங்கியது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் மேசைக்குப் பின்னால் இருந்தார். தூக்கமில்லாத முகம், சட்டைப்பையில் மை கசிந்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. தன் கைபேசியை எங்கள் பக்கம் திருப்பி, நேற்று மத்தியானத்திலிருந்து மாவட்டம் முழுக்கச் சுற்றும் இந்தச் செய்தியை யார் கிளப்பியது என்று தெரியுமா என்றார். மூன்று பூங்கொத்து என்னைப் பார்த்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எங்கப்பாதான் சார்" என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. உட்காரச் சொன்னார். மகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பட்டியலில் ஏப்ரல் வரி எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது, பூட்டிய எதையும் தான் திறக்கவில்லை, கால் மணிக்கு ஒருமுறை பார்த்ததால் முதலில் தன் கண்ணில் பட்டது. அவர் ஒப்புக்கொண்டார். மதிப்பெண்களை ஏற்றிவிட்டுச் சரிபார்ப்பதற்காக அலுவலகத்துக்குள் மட்டும் பார்க்க வேண்டியதை, வெளிப்பக்கத்தில் மறைக்க மறந்துவிட்டார்களாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்திருப்பார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது. என் பூங்கொத்து வந்தபிறகு தளம் படுத்து, நேற்றிலிருந்து நிர்வாகத்துக்குப் பதில் எழுதியே அவர் நாள் போய்விட்டது. சரிபார்க்கும் வேலை அப்படியே நிற்கிறது.

பிறகுதான் மகள் மத்தியான பேட்ச்சைப் பற்றிச் சொன்னாள். அவர் கணினியைத் திருப்பித் துறை வாரியாகத் தேடினார். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை ஆசிரியர்களே இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது இரண்டு பொத்தான்கள். ஒன்று 'சேமி', மற்றொன்று 'சமர்ப்பி'. சேமித்தால் மதிப்பெண் அப்படியே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து திருத்தலாம். சமர்ப்பித்தால்தான் பூட்டிக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்கு வரும். காலை பேட்ச்சுக்கு எதிரே 'சமர்ப்பிக்கப்பட்டது'. மத்தியான பேட்ச்சுக்கு எதிரே 'சேமிக்கப்பட்டது'. கடைசித் தேதி தாண்டியதும் சமர்ப்பிக்காததையெல்லாம் மென்பொருள் தானாக 'வரவில்லை' என்று நிரப்பிவிட்டது.

"ஒரு பட்டன்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவரே அந்தப் பொத்தானை அழுத்த முடியாது. மதிப்பெண்ணை இணையத்தில் ஏற்றிய துறை ஆசிரியைதான் தன் பெயரில் உள்ளே போக வேண்டும். போனால் அவருடைய கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். அதைப் போட்டால்தான் சமர்ப்பிக்க முடியும். சனிக்கிழமை மாலை வரை அந்த ஒரு பேட்ச்சுக்கு மட்டும் திறந்துவிடுவதாகவும், தேர்வு நடத்தியவர்கள் கையெழுத்துப் போட்ட மூலத்தாளோடு சரிபார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆசிரியைக்குப் போன் போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு அப்பால். அவர் கணவருக்கு மேகமலையில் எஸ்டேட் வேலை, விடுமுறைக்கு அங்கே போயிருக்கிறார். மேலே ஒரே ஒரு நிறுவனத்தின் சிக்னல்தான் எடுக்கும், மேடத்தின் சிம் அது இல்லை. எஸ்டேட் லேண்ட்லைன் அடித்துக்கொண்டே இருந்தது.

மகள் தான் போய்ச் சொல்வதாகச் சொன்னாள். தனியாக அனுப்ப மாட்டேன் என்று நானும் கிளம்பினேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு வளைவுச் சாலை ஆகாது.

சனிக்கிழமை விடிந்ததும் சின்னமனூருக்குப் போய், மேகமலை பஸ் பிடித்தோம். தென்பழனி சோதனைச்சாவடி தாண்டும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக உள்ளதற்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் கொண்டை ஊசி வளைவில் விளக்கம் நின்றது. மூன்றாவதில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். ஆறாவதில் கண்டக்டர் நான் கேட்காமலே விசில் அடித்தார். ஒவ்வொரு முறையும் நான் ஓரமாகக் குனிந்து நிற்க, பஸ்ஸில் இருந்த எஸ்டேட் ஆட்கள் எல்லாரும் பொறுமையாக என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிவிட்டுக் கைபேசியில் மணியைப் பார்த்தாள்.

எஸ்டேட் குடியிருப்பில் மேடத்தைக் கண்டுபிடித்தபோது துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மகள் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"நான் எல்லாருக்கும் போட்டேனேம்மா. 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது'ன்னு பச்சையில வந்துச்சே."

வந்திருக்கும். பச்சையில் வந்தால் யார்தான் அடுத்த பொத்தானைத் தேடுவார்கள்? ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கிய புதிதில் எனக்கும் 'மோட்டார் ஓடுகிறது' என்று போன் வந்தது. நான் நிம்மதியாக வீட்டில் படுத்திருந்தேன். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடி, உள்ளிருக்கும் காயில் கம்பி கருகிவிட்டது. அது கரண்டைத்தான் பார்க்கும், தண்ணீரைப் பார்க்காது. இதை மேடத்துக்கு ஆறுதலாகச் சொன்னேன். அவர்களுக்கு ஆறுதலாக இருந்ததா தெரியவில்லை. மகள் மட்டும், "என் புரோகிராமும் அம்புட்டுத்தான்ப்பா. புது வரி வந்துச்சுன்னுதான் சொல்லுச்சு. உள்ள என்ன இருக்குன்னு நான்தான பாத்தேன்" என்றாள்.

மேடத்தின் கணவர் ஜீப்பை எடுத்தார். மகளின் லேப்டாப்பும் என் வயிறும் பின்னால். சிக்னல் தேடிக்கொண்டே இறங்கினோம். கீழே பள்ளத்தாக்கு தெரிகிற ஒரு வளைவில், சின்னமனூர்ப் பக்கத்துச் செல்போன் கோபுரம் எட்டிப் பார்த்ததோ என்னவோ, மேடத்தின் கைபேசியில் இரண்டு கோடு வந்தது. ஜீப்பை ஓரம் கட்டினார். கைபேசி இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்து, ஜீப்பின் பானட் மேல் அதை வைத்து மேடம் உள்ளே போனார்கள். ஓ.டி.பி. வர நேரமானது. வந்தபோது காலாவதியாகிவிட்டது. மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை வந்தது. பேட்ச்சைத் திறந்தால் எல்லாருடைய மதிப்பெண்ணும் அப்படியே இருந்தது, ஏப்ரலில் வைத்த இடத்தில். மேடம் ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே பார்த்தார்கள். பிறகு 'சமர்ப்பி'. 'சமர்ப்பித்தபின் மாற்ற இயலாது, உறுதியா?' என்று கேட்டது. உறுதி. மேடம் உடனே தேர்வு அலுவலகத்துக்குப் போன் செய்து, வந்துவிட்டதா என்று கேட்டார்கள். வந்துவிட்டது என்று அவர்கள் சொன்னபிறகும் இன்னொரு முறை கேட்டார்கள்.

நான் அந்த வளைவிலும் ஒருமுறை ஓரமாகப் போய்வந்தேன்.

அறிவிப்போடு ரிசல்ட் வந்தது செவ்வாய்க்கிழமை. மெஷின்தான் முதலில் சொன்னது. என் எண்ணைப் பட்டியலிலிருந்து மகள் எடுத்துவிட்டிருந்ததால், எனக்கு அவள் அம்மா போன் செய்துதான் தெரியும். செய்முறைத் தேர்வில் மூன்று 'ஏ' இருந்த இடத்தில் எண்பத்தாறு. எல்லாத் தாளும் பாஸ். நான் வீட்டுக்கு வருவதற்குள் கோயம்புத்தூர்த் தளத்தில் மதிப்பெண்ணை ஏற்றி, ஏற்றியதற்கு ஒப்புகை வந்து, அந்த ஒப்புகையைத் திறந்து உள்ளே தன் மதிப்பெண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்து முடித்திருந்தாள். பச்சை எழுத்தை மட்டும் நம்பவில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது லேப்டாப்பை மூடி, டிரம் மேலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மனைவி அந்த மைசூர்பாகை இடித்து உடைத்து ஒரு தட்டில் வைத்திருந்தாள். எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள், கடிக்க முடியவில்லை, வாயில் ஒதுக்கிக்கொண்டேன். மகளுக்குக் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. எனக்கும் அலைச்சலில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருந்தாலும் கல்லூரி, வராந்தா, பஸ், வளைவு என்று இத்தனை தூரம் கூடவே வந்த தகப்பனுக்கு ஒரு வார்த்தையாவது கிடைக்கும் என்று ஒரு நப்பாசை.

"நான் மட்டும் கூட வரலைன்னா என்னாத்தா ஆகியிருக்கும்?" என்று கேட்டேன்.

"சீக்கிரம் முடிஞ்சிருக்கும்ப்பா."